மீதி 36,500 ஆ, 50,175 ஆ? ஓராண்டுப் பிரீமியத்தை மாதங்களுக்குப் பிரிக்கும் கணக்கு

கேள்வி: நான் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குகளை எழுதி வருகிறேன். எங்கள் கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும் முதன்முறையாகக் காப்பீடு எடுத்து, ஓராண்டுப் பிரீமியம் 73,000 ஐ 2025 ஜூலை 28 அன்று செலுத்தினோம். பாலிசிக் காலம் ஆகஸ்ட் 12 முதல் 2026 ஆகஸ்ட் 11 வரை. ஜூலை தொடங்கி ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டில் ஒரு பங்கைச் செலவாக எழுதினேன். பிறகு புதிய இயந்திரம் ஒன்றைப் பாலிசியில் சேர்க்க, அக்டோபர் 30 அன்று 7,100 கூடுதலாகக் கட்டினோம். அதற்கு நவம்பர் 1 முதல் பாதுகாப்பு. சிறு தொகைதானே என்று அதை அப்போதே செலவில் எழுதிவிட்டேன். டிசம்பர் 31 அன்று எங்கள் கணக்காண்டு முடிகிறது. என் பேரேட்டில் மீதி 36,500. தணிக்கையாளர் 50,175 இருக்க வேண்டும் என்கிறார். பன்னிரண்டால் வகுத்ததில் என்ன பிழை? இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தணிக்கையாளர் சொன்ன தொகை சரியானது. வித்தியாசமான 13,675 இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஆகஸ்டில் தொடங்கும் பாதுகாப்புக்கு ஜூலையிலேயே செலவு எழுதத் தொடங்கியதால் 8,100 வந்தது. கூடுதல் பிரீமியத்தை முழுவதுமாகச் செலவில் எழுதியதால் மீதமுள்ள 5,575 வந்தது. பன்னிரண்டால் வகுப்பது தன்னளவில் தவறான முறை அன்று. மாதத்தின் முதல் நாளில் தொடங்கும் பாலிசிக்கு அது நன்றாகவே பொருந்தும். உங்கள் பாலிசி மாதத்தின் நடுவில் தொடங்குகிறது, பணமோ அதற்கு முந்தைய மாதத்திலேயே கட்டப்பட்டுவிட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் கணக்கு விலகிவிட்டது.

பணம் கட்டிய நாள் வங்கிக் கணக்குக்கு முக்கியமானது, செலவுக் கணக்குக்கு அந்த நாளோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஜூலை 28 அன்று நீங்கள் 73,000 ஐக் கொடுத்து, இனிமேல் தொடங்கப்போகும் 365 நாள் பாதுகாப்புக்கான உரிமையைப் பெற்றுக்கொண்டீர்கள். அந்த உரிமை ஒரு சொத்து. பாதுகாப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அது நாள்தோறும் தேய்கிறது, தேய்ந்த அளவே செலவு. ஜூலை 31 அன்று உங்கள் நிறுவனம் அந்தப் பாலிசியின் ஒரு நாளைக்கூடப் பயன்படுத்தியிருக்கவில்லை, ஆகவே அன்றைய மீதி முழு 73,000 ஆகவே இருக்க வேண்டும். ஜூலை மாதத்தின் காப்பீட்டுச் செலவு பூஜ்யம்.

பணம் கட்டிய நாளில் எழுத வேண்டிய பதிவு இது: முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு கணக்கில் 73,000 பற்று, வங்கிக் கணக்கில் 73,000 வரவு. அதன்பின் ஒவ்வொரு மாத முடிவிலும் அந்த மாதத்துக்குரிய தொகையைக் காப்பீட்டுச் செலவுக் கணக்கில் பற்று எழுதி, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு கணக்கில் வரவு எழுத வேண்டும். பிரீமியத்தோடு நீங்கள் கட்டிய வரியில் திரும்பப் பெறக்கூடிய பகுதி ஏதேனும் இருந்தால், அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல், வரவேண்டிய வரியாகத் தனியே காட்டுங்கள். அதை மாதங்களுக்குப் பிரிக்கும் பேச்சே எழாது. திரும்பக் கிடைக்காத வரி, பிரீமியத்தின் பகுதியாகவே மாதங்களுக்குப் பிரியும்.

மாதத் தொகையைக் கணக்கிடும் வழியில் என் பரிந்துரையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலோர் முதலில் மாதச் செலவைக் கணக்கிட்டு, அதைக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதை மீதி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த முறையில் தொடக்கத்தில் நேர்ந்த தவறு எந்த மாதத்திலும் தலைகாட்டாமல், ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கேட்கும்போதுதான் வெளிப்படும். அதற்கு எதிர்த் திசையிலிருந்து தொடங்குங்கள். மாதக் கடைசி நாளன்று பாலிசியில் இன்னும் எத்தனை நாள்கள் மிச்சம் இருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். அதை ஒரு நாளுக்கான பிரீமியத்தால் பெருக்கினால் இருக்க வேண்டிய மீதி கிடைக்கும். சென்ற மாத மீதியிலிருந்து இந்த மாத மீதியைக் கழித்தால் வருவதே இந்த மாதச் செலவு. இப்படிச் செய்தால், ஒவ்வொரு மாத மீதியும் முந்தைய மாதத்தின் பிழையைச் சார்ந்திராமல், பாலிசி ஆவணத்திலுள்ள தேதியிலிருந்து நேரே பிறக்கிறது.

உங்கள் பாலிசியையே எடுத்துக்கொள்வோம். 73,000 ஐ 365 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 200. ஆகஸ்ட் 12 முதல் 31 வரை, இரண்டு நாள்களையும் சேர்த்து எண்ணினால் 20 நாள்கள். ஆகவே ஆகஸ்டின் செலவு 4,000, மாத முடிவில் மீதி 69,000. செப்டம்பரின் 30 நாள்களுக்கு 6,000, அக்டோபருக்கு 6,200, நவம்பருக்கு 6,000, டிசம்பருக்கு 6,200. டிசம்பர் 31 வரை தேய்ந்தவை 142 நாள்கள், அதாவது 28,400. மிச்சமுள்ளவை ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 11 வரையிலான 223 நாள்கள், அதாவது 44,600. 142 உம் 223 உம் சேர்ந்து 365 ஆவதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டல் சரியாக வராவிட்டால், தொடக்க நாளையோ கடைசி நாளையோ எங்கோ விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

நாள் எண்ணும்போது பாலிசி அட்டவணையில் அச்சாகியிருக்கும் நேரத்தையும் பாருங்கள். சில பாலிசிகள் முதல் நாள் நள்ளிரவில் தொடங்கிக் கடைசி நாள் நள்ளிரவில் முடியும். உங்களுடையது போல ஆகஸ்ட் 12 முதல் ஆகஸ்ட் 11 வரை என்று அவற்றில் இருக்கும், இரு நாள்களையும் எண்ண வேண்டும். வேறு சில, ஒரு நாள் நண்பகலில் தொடங்கி மறு ஆண்டு அதே தேதி நண்பகலில் முடிவதாக எழுதப்பட்டிருக்கும். அங்கே இரு தேதிகளையும் எண்ணினால் ஒரு நாள் கூடிவிடும், ஆகவே ஏதாவது ஒன்றை மட்டும் எண்ண வேண்டும். பாலிசிக் காலத்துக்குள் பிப்ரவரி 29 வந்தால் 366 ஆல் வகுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் பாலிசிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி, நீங்கள் எழுதியது எப்படி விலகியது என்று பார்ப்போம். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதங்களுக்கு, பிரீமியத்தில் சரிபாதியான 36,500 ஐச் செலவாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் தேய்ந்தது 28,400 மட்டுமே. வித்தியாசம் 8,100; நாள் கணக்கில் சொன்னால் நாற்பது நாள்களுக்குச் சற்றே அதிகமான பாதுகாப்பை, பயன்படுத்துவதற்கு முன்பே செலவாகக் காட்டிவிட்டீர்கள். இதே முறையில் தொடர்ந்திருந்தால், 2026 ஜூன் 30 அன்று மீதி பூஜ்யமாகியிருக்கும். ஆனால் பாலிசி அதன்பிறகும் 42 நாள்கள் உயிரோடு இருக்கும். பாதுகாப்பு நடைமுறையில் இருக்கையில் மீதி பூஜ்யமாவதும், பாதுகாப்பு முடிந்த பிறகும் மீதி தங்கி நிற்பதும் இந்தக் கணக்கில் ஏதோ தவறு இருக்கிறது என்பதற்கான தெளிவான அறிகுறிகள். முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு கணக்கு வரவு மீதியைக் காட்டினால் தவறு இன்னும் பெரியது, கட்டியதைவிட அதிகமாகச் செலவு எழுதிவிட்டீர்கள் என்றே அதற்கு அர்த்தம்.

ஓராண்டுப் பாலிசி பன்னிரண்டு மாதங்களில் முடிந்துவிடும் என்ற எண்ணமும் இங்கே இடறச் செய்கிறது. மாத நடுவில் தொடங்கும் ஓராண்டுப் பாலிசி, நாள்காட்டியில் பதின்மூன்று மாதங்களைத் தொடும். உங்கள் பாலிசிக்கு முதல் ஆகஸ்டில் 20 நாள்கள், கடைசி ஆகஸ்டில் 11 நாள்கள். கடைசி மாதத்துக்குரிய 2,200 ஐ எழுத அட்டவணையில் பதின்மூன்றாவது கட்டம் ஒன்று இருந்தாக வேண்டும்.

நாள் கணக்கு சிக்கலாக இருக்கிறது என்று நினைத்து, தொடக்க மாதத்தையும் கடைசி மாதத்தையும் அரை மாதமாக எடுத்துக்கொள்வோரும் உண்டு. உங்கள் பாலிசிக்கு அப்படிச் செய்தால் டிசம்பர் 31 அன்று ஏழரை மாதம் மிச்சமாகி, மீதி 45,625 என்று வரும். நாள் கணக்குப்படி வரும் 44,600 க்கும் இதற்கும் இடைவெளி 1,025 தான். எல்லாப் பாலிசிகளுக்கும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே மாதிரியாகப் பின்பற்றினால், இந்த அளவு வித்தியாசம் முடிவுகளை மாற்றாத நிறுவனத்தில் இதை ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும் கணினி விரிதாளில் நாள்களை எண்ண ஒரு சூத்திரம் போதும் என்ற நிலையில், அரை மாதக் கணக்கால் மிச்சமாகும் உழைப்பு எதுவும் இல்லை என்பதே என் கருத்து.

அடுத்து அந்த 7,100. இதில் தொகையின் சிறுமையைக் காட்டிலும், நீங்கள் அதை எதன் பகுதியாகப் பார்த்தீர்கள் என்பதே முக்கியம். ஏற்கெனவே இருக்கும் பாலிசியில் எண்டார்ஸ்மெண்ட் மூலம் ஓர் இயந்திரத்தைச் சேர்க்கும்போது, அதற்கான பாதுகாப்பு தாய்ப் பாலிசி முடியும் நாளிலேயே முடிகிறது. ஆகவே அது நவம்பர் 1 முதல் ஆகஸ்ட் 11 வரை, 284 நாள்களுக்கு மட்டுமே உரியது, நாளொன்றுக்கு 25. நவம்பரும் டிசம்பரும் சேர்ந்த 61 நாள்களுக்கு 1,525 செலவு, மிச்சமுள்ள 223 நாள்களுக்கு 5,575 மீதி. கூடுதல் பிரீமியத்தையும் பிரிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள்கூட, அதைக் கட்டிய மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. அப்படிச் செய்தால் 7,100 செப்டம்பர் வரை நீண்டு, பாலிசி முடிந்த பிறகும் ஒரு சொத்து நிற்பதாகக் கணக்குக் காட்டும்.

சிறு தொகைகளை உடனே செலவில் எழுதுவது ஒரு நியாயமான நடைமுறைதான். ஆனால் எந்தத் தொகைக்குக் கீழே அப்படிச் செய்வது என்ற வரம்பை நிறுவனம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும்; தொகை வந்த பிறகு, அந்தந்த நேரத்தில் முடிவெடுக்கக் கூடாது. உங்கள் நிறுவனத்தில் அப்படியொரு வரம்பு இருந்து, 7,100 அதற்குள் அடங்கியிருந்தால், தணிக்கையாளரிடம் அதைக் காட்டுங்கள். கூடுதல் பிரீமியத்தைத் தனித்தொகையாகப் பார்ப்பதா, 80,100 மதிப்புள்ள ஒரே பாலிசியின் பகுதியாகப் பார்ப்பதா என்று அவர் கேட்கக்கூடும்; என்னைக் கேட்டால் இரண்டாவதே பொருத்தமானது.

திருத்தப் பதிவு எளிது. டிசம்பர் மாதத்துக்கான உங்கள் வழக்கமான பதிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதால், முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு கணக்கில் 13,675 பற்று, காப்பீட்டுச் செலவுக் கணக்கில் 13,675 வரவு. இதன்பின் மீதி 36,500 லிருந்து 50,175 ஆக உயரும். ஆண்டுக்கான காப்பீட்டுச் செலவு, நீங்கள் எழுதியிருந்த 43,600 லிருந்து 29,925 ஆகக் குறையும். இந்த 29,925 என்பது முதல் பிரீமியத்தின் 28,400 உம் கூடுதல் பிரீமியத்தின் 1,525 உம் சேர்ந்தது என்று பார்த்தாலே, திருத்தம் சரியாக உட்கார்ந்துவிட்டது தெரியும்.

ஆனால் மாதாந்தர இலாப நட்ட அறிக்கை தயாரித்து நிர்வாகத்துக்குக் கொடுப்பவராக நீங்கள் இருந்தால், ஒரு சங்கடம் வரும். முழுத் திருத்தத்தையும் டிசம்பர் தேதியில் போட்டால், அந்த மாதக் காப்பீட்டுச் செலவு கழித்தல் குறியோடு, ஏறத்தாழ 7,592 என்று வந்து நிற்கும். டிசம்பரின் உண்மையான செலவோ 6,975. கணக்குகளை இன்னும் மூடவில்லை என்றால், ஜூலையிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய திருத்தத்தை அந்தந்த மாதத் தேதியிலேயே எழுதிவிடுவது நல்லது. முந்தைய மாதங்கள் மூடப்பட்டுவிட்டால் டிசம்பரில் ஒரே பதிவாக எழுதுங்கள். பதிவின் விவரக் குறிப்பில், எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று எழுதிவைத்தால், அறிக்கையைப் படிப்பவர் காப்பீட்டுச் செலவு ஏன் எதிர்மறையாக வந்தது என்று உங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.

இனிவரும் மாதங்களுக்கு விரிதாளில் ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். `A` நிரலில் பிரீமியம், `B` இல் பாதுகாப்புத் தொடங்கும் நாள், `C` இல் முடியும் நாள். முதல் வரிசையில் `D1` தொடங்கி வலப்பக்கமாக ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாள். `D2` இல் இந்தச் சூத்திரத்தை இட்டு, வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நகலெடுங்கள்:

```
=ROUND($A2*MAX(0,MIN($C2-$B2+1,$C2-D$1))/($C2-$B2+1),2)
```

இது தருவது அந்தந்த மாத முடிவில் இருக்க வேண்டிய மீதி. பாதுகாப்பு இன்னும் தொடங்காத ஜூலை 31 க்கு முழு 73,000 ஐக் காட்டும், பாலிசி முடிந்த பிறகு பூஜ்யத்தைக் காட்டும், இடைப்பட்ட மாதங்களில் மிச்ச நாள்களுக்கு உரியதைக் காட்டும். இரண்டாம் வரிசையில் முதல் பிரீமியம், மூன்றாம் வரிசையில் நவம்பர் 1 என்ற தொடக்க நாளோடு கூடுதல் பிரீமியம் என்று தனித்தனியாக எழுதுங்கள். எந்த வரிசையிலும், பணம் கட்டிய மாதத்துக்கு முந்தைய மாதங்களின் கட்டங்களைக் காலியாக விடுங்கள்; இல்லையெனில் கட்டாத பணமும் மீதியாகத் தெரியும். டிசம்பர் நிரலில் 44,600 உம் 5,575 உம் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் இந்த நிரலின் கூட்டுத்தொகையும் பேரேட்டு மீதியும் ஒன்றாக இருக்கும்படி எழுதும் தொகையே அந்த மாதச் செலவு. வகுத்தலில் வரும் சில்லறை மாதம் மாதம் சேர்ந்து, கடைசியில் ஒட்டாமல் நிற்கும் தொல்லையும் இதனால் இல்லாமல் போகும்.

உங்கள் மீதி முழுவதும் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் தேய்ந்துவிடும் என்பதால், இருப்புநிலைக் குறிப்பில் அதை நடப்புச் சொத்துகளின் கீழ்க் காட்டினால் போதும். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டும் பாலிசி என்றால் மட்டுமே, ஓராண்டைத் தாண்டிய பகுதியைப் பிரித்து வேறாகக் காட்ட வேண்டியிருக்கும்.

2026 ஜூலையில் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, புதிய பிரீமியத்தைப் பழைய வரியில் கூட்டாமல் புதிய வரியாக எழுதுங்கள். அப்போது ஜூலை 31 அன்றைய மீதியில் பழைய பாலிசியின் கடைசி 11 நாள்களும், புதிய பாலிசியின் முழுத்தொகையும் அருகருகே நிற்கும். கூடுதல் இயந்திரத்தையும் சேர்த்துப் பழைய பாலிசியின் 11 நாள்களுக்கு மீதி 2,475. ஆகஸ்ட் மாதச் செலவில் 11 நாள்கள் பழைய விகிதத்திலும் 20 நாள்கள் புதிய விகிதத்திலும் அமையும். புதுப்பித்தவுடன் பழைய மீதியைத் துடைத்துவிட வேண்டும் என்று தோன்றும். ஆகஸ்ட் 11 வரை அது அங்கே இருக்க வேண்டியதே.

இடையில் அந்த இயந்திரத்தை விற்றுவிட்டு, அதற்கான பாதுகாப்பை ரத்து செய்ய நேர்ந்தால் என்ன எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தரும் தொகை பல நேரங்களில் உங்கள் மீதியைவிடக் குறைவாகவே இருக்கும். 2026 மார்ச் 31 அன்று ரத்து செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று மிச்சமிருப்பவை 133 நாள்கள், உங்கள் அட்டவணைப்படி மீதி 3,325. குறுகிய காலக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு 2,500 மட்டுமே திரும்ப வருகிறது என்றால், வங்கிக் கணக்கில் 2,500 உம் காப்பீட்டுச் செலவில் 825 உம் பற்று எழுதி, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு கணக்கில் 3,325 ஐ வரவு எழுத வேண்டும். பணம் மறு மாதம் வருவதாக இருந்தால், வங்கிக்குப் பதிலாகக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய தொகையாக 2,500 ஐப் பற்று எழுதுங்கள். அந்த 825 ஐ ரத்து செய்த மாதத்திலேயே செலவாக எழுத வேண்டும். பாதுகாப்பு முடிந்துவிட்டதால், அதைச் சுமந்து செல்ல இனி எந்த மாதமும் இல்லை.